சம்பள ஷீட்டிலிருந்து மதிப்பு மட்டும்

பி.எஃப். பணத்தை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். அதற்கு முன் போர்ட்டலில் ஏற்றும் இ.சி.ஆர். கோப்பு வெறும் டெக்ஸ்ட் ஃபைல்தான். ஒரு தொழிலாளிக்கு ஒரு வரி, வரிக்குப் பதினொரு தகவல், ஒவ்வொன்றுக்கும் நடுவே `#~#` என்ற குறி. யு.ஏ.என்., பெயர், மொத்தச் சம்பளம், பி.எஃப்., பென்ஷன், இன்ஷூரன்ஸ் ஆகிய மூன்றுக்கும் கணக்கில் எடுக்கும் சம்பளம், தொழிலாளி பங்கு, பென்ஷன் பங்கு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், சம்பளமில்லா நாட்கள், திருப்பிச் செலுத்திய முன்பணம் என்ற வரிசை மாறக் கூடாது. கற்பனை எண்ணும் பெயரும் போட்டு எழுதினால் ஒரு வரி இப்படி இருக்கும்:

```
101000000012#~#SELVI M#~#18400#~#15000#~#15000#~#15000#~#1800#~#1250#~#550#~#0#~#0
```

இந்த வரி பிறக்கிற சம்பள ஷீட்டின் நிலைமை வேறு. அது முதலாளி பார்க்கவும், பிரிண்ட் எடுத்துக் கையெழுத்து வாங்கவும் செய்யப்பட்டது. பாதித் தகவல் அதன் தோற்றத்தில்தான் இருக்கும். சில வரிகள் மறைந்திருக்கும், சில கட்டங்கள் ஒன்றாகச் சேர்ந்திருக்கும், பைசா இருந்தும் கண்ணுக்குத் தெரியாது. ஃபார்முலாவை நீக்க Ctrl+Alt+V, V, Enter போதும். ஆனால் அந்த மூன்று விசைகள் தோற்றத்தில் இருந்த தகவலைக் கொண்டுபோகாது. அதனால் மதிப்பை ஒட்டுவதை நான் கடைசிக்குத் தள்ளி வைப்பேன். அதற்கு முன், தோற்றத்தில் இருக்கிற ஒவ்வொரு தகவலையும் ஒரு கட்டத்துக்குள் மதிப்பாக எழுதிவிட வேண்டும். எல்லாமே ஷீட்டின் நகலில்தான். மூலத்தில் கை வைப்பதில்லை.

முதலில் மறைந்த வரிகள். இங்கே எக்செல் இரண்டு விதமாக நடந்துகொள்ளும். ஃபில்டர் போட்டதால் மறைந்த வரிகள், காப்பி செய்யும்போது கூட வராது. வரி எண்ணின் மேல் ரைட் கிளிக் செய்து Hide கொடுத்து மறைத்தவை வந்துவிடும். CSV ஆகச் சேமித்தாலோ இரண்டு வகையும் கோப்பில் இருக்கும். தெரிகிற கட்டங்களை மட்டும் பிடிக்க Alt+; அழுத்தலாம் என்று பலரும் சொல்வார்கள். சரியான விசைதான். ஆனால் மறைந்ததெல்லாம் வேண்டாதது என்று அது முடிவு செய்துவிடுகிறது. சம்பள ஷீட்டில் அப்படி இருப்பதில்லை. ஒரு ஷீட்டைக் கொடுத்த பர்சனல் பிரிவுத் தம்பியிடம், "இந்த நாலு வரியை ஏன்பா மறைச்சே?" என்று கேட்டேன். "மூணு பேர் வேலையை விட்டுட்டாங்க சார். நாலாவது அக்கா பிரசவ லீவுல இருக்காங்க. பிரிண்ட்ல வர வேண்டாம்னு மறைச்சேன்" என்றார். மூன்று பேர் கோப்பில் வரக் கூடாது. நாலாவது பெண் வந்தே ஆக வேண்டும், சம்பளம் 0, சம்பளமில்லா நாள் 30 என்று. நாலு வரிக்கும் தோற்றம் ஒன்றே.

அதனால் மறைவை முதலில் ஒரு எண்ணாக மாற்றிக்கொள்வேன். ஓரத்தில் ஒரு காலியான நெடுவரிசையில் இதை எழுதிக் கீழே இழுத்தால் போதும்:

```
=SUBTOTAL(103,F5)
```

F என்பது மொத்தச் சம்பளம் இருக்கும் நெடுவரிசை. 103 என்பது மறைந்த வரிகளை விட்டுவிட்டு எண்ணச் சொல்லும் குறி. ஒரே ஒரு கட்டத்தைக் காட்டினால், அந்த வரி தெரிந்தால் 1, மறைந்திருந்தால் 0. பக்கத்தில் இருக்கும் 3ஐப் போட்டால் கையால் மறைத்த வரியையும் எண்ணிவிடும், ஆகவே எல்லாமே 1 ஆகும். Ctrl+Alt+F9 அழுத்தி ஒருமுறை முழுதாகக் கணக்கிட வைத்து, அந்த நெடுவரிசையை அதே இடத்தில் மதிப்பாக ஒட்டிவிட்டு, அதற்குப் பிறகுதான் Unhide. வரிசை மாறினால் மறைவு நீங்கிய கணத்தில் எல்லாம் 1 ஆகிவிடும், மறைந்திருந்தவை எவை என்ற தடயமே இருக்காது. இது Hide கொடுத்து மறைத்த வரிகளுக்கான வழி. ஃபில்டர் போட்டிருந்தால் இது வேண்டாம். எந்த நெடுவரிசையை வைத்து ஃபில்டர் செய்தார்களோ அதிலேயே காரணம் எழுதியிருக்கும். பிறகு 0 விழுந்த வரிகளை மட்டும் எடுத்து, ஷீட் கொடுத்தவரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டு, அடுத்த கட்டத்தில் "விலகினார்", "லீவு" என்று எழுதிக்கொள்வேன்.

F-ஐக் காட்டியதற்குக் காரணம் உண்டு. யு.ஏ.என். நெடுவரிசையைக் காட்டியிருந்தால், சேர்த்த கட்டங்கள் காலை வாரிவிடும். பீஸ் ரேட்டும் தினக்கூலியும் கலந்து வேலை செய்கிற இடங்களில் ஒருவருக்கே இரண்டு வரி போடுவார்கள். எண்ணையும் பெயரையும் இரண்டு வரிக்கும் பொதுவாக Merge செய்து நடுவில் நிறுத்துவார்கள். பார்வைக்கு எண் இரண்டு வரிக்கும் உரியது. எக்செல் கணக்கில் அது மேல் கட்டத்தில் மட்டும் இருக்கிறது, கீழ்க் கட்டம் காலி. 103 காலிக் கட்டத்தை எண்ணாது. அதனால் கண்ணுக்குத் தெரிகிற வரிக்கே 0 விழும்.

சேர்த்ததைப் பிரிக்கிற வேலை எல்லோருக்கும் தெரிந்ததுதான். நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து Merge & Center-ஐ எடுத்துவிட்டு, F5 அழுத்தி Special, Blanks கொடுத்தால் காலிக் கட்டங்கள் மட்டும் பிடிபடும். = அடித்து மேல் அம்புக்குறியை ஒருமுறை தட்டி, Ctrl+Enter. ஒவ்வொரு காலிக் கட்டமும் தனக்கு மேலே இருப்பதை எடுத்துக்கொள்ளும். பிறகு அந்த நெடுவரிசையை மதிப்பாக ஒட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்து ஷீட்டை வரிசைப்படுத்தும்போது ஒருவரின் எண் இன்னொருவருக்குப் போய்விடும்.

இதோடு பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. இப்போது ஒரே எண் இரண்டு வரியில் நிற்கிறது, கோப்பிலோ ஒருவருக்கு ஒரு வரிதான். கூட்ட வேண்டும். எதைக் கூட்டுகிறோம் என்பதில் கவனம் தேவை. பீஸ் ரேட் 9,200 ரூபாய், தினக்கூலி 7,100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 15,000 ரூபாய் உச்சவரம்போடு நிறுத்துகிற நிறுவனத்தில், ஷீட்டின் ஃபார்முலா ஒவ்வொரு வரியிலும் தனித்தனியாக உச்சவரம்பைப் பார்த்திருக்கும். இரண்டுமே வரம்புக்குள். அந்த முடிவுகளைக் கூட்டினால் பி.எஃப். சம்பளம் 16,300. முதலில் சம்பளத்தைக் கூட்டி, பிறகு வரம்பை வைத்தால் 15,000. அதனால் வரி வரியாக வந்த பி.எஃப். தொகைகளை நான் எடுத்துக்கொள்வதே இல்லை. புது ஷீட்டில் எண்களை ஒருமுறை மட்டும் பட்டியலிட்டு, SUMIFS கொண்டு சம்பளத்தைக் கூட்டி, பங்கை அங்கேயே கணக்கிடுவேன்.

இனி, கண்ணுக்குத் தெரியாத பைசா. 15,000 ரூபாய்க்குத் தொழிலாளி பங்கு 12 சதவீதம், 1,800. பென்ஷன் 8.33 சதவீதம், 1,249.50. வித்தியாசம் 550.50. ஷீட்டில் தசமம் காட்டாமல் வடிவம் கொடுத்திருப்பார்கள், அதனால் திரையில் 1250 என்றும் 551 என்றும் தெரியும். கூட்டினால் 1,801. இதையே மதிப்பாக ஒட்டினால் 1249.5, 550.5 என்று வரும், ஏனென்றால் ஒட்டும்போது போவது உள்ளே இருக்கிற எண். CSV ஆகச் சேமித்தால் 1250, 551 என்று வரும், ஏனென்றால் CSV எழுதுவது திரையில் தெரிகிற எழுத்தை. ஒரே கட்டத்திலிருந்து இரண்டு வழியில் இரண்டு விடை, இரண்டுமே கோப்புக்கு ஆகாது. பங்குத்தொகை முழு ரூபாயில் வேண்டும், 50 பைசாவும் அதற்கு மேலும் இருந்தால் அடுத்த ரூபாய். ஆகவே முழுமையாக்கலை வடிவத்தில் விடாமல் ஃபார்முலாவுக்குள் கொண்டுவர வேண்டும். புது ஷீட்டில் G தொழிலாளி பங்கு, H பென்ஷன், I வித்தியாசம்:

```
G2: =ROUND(D2*12%,0)
H2: =ROUND(E2*8.33%,0)
I2: =G2-H2
```

வித்தியாசத்தைச் சதவீதத்தில் கணக்கிட்டு ROUND செய்வதில்லை, முழுமையான இரண்டு எண்களைக் கழிக்கிறேன். அப்போதுதான் எந்தச் சம்பளத்துக்கும் ஒரு ரூபாய் இடிக்காது.

CSV-யின் அதே குணம் யு.ஏ.என்.னையும் பாதிக்கும். அது 12 இலக்கம். General வடிவத்தில் 12 இலக்க எண்ணை எக்செல் 1.01E+11 என்ற மாதிரி சுருக்கித்தான் காட்டும், CSV-யிலும் அதுவே எழுதப்படும். உள்ளே முழு எண் பத்திரமாக இருந்தும், கோப்பில் தொலைந்துவிடும். `=TEXT(A5,"0")` கொடுத்து எழுத்தாக மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

சம்பளமில்லா நாள் 0 என்றால் கட்டம் காலியாகத் தெரியட்டும் என்று `""` போட்டிருப்பார்கள். மதிப்பாக ஒட்டிய பிறகும் அது உண்மையான காலி ஆகாது, எழுத்தே இல்லாத ஒரு எழுத்தாக அங்கேயே இருக்கும். Blanks தேடலுக்கும் பிடிபடாது. புது ஷீட்டுக்குக் கொண்டுவரும்போதே `=N(J5)` என்று எழுதினால் 0 ஆகிவிடும்.

கடைசியில் வரியைக் கோப்பது. TEXTJOIN எக்செல் 2019 முதல் இருக்கிறது:

```
=TEXTJOIN("#~#",FALSE,A2:K2)
```

நடுவில் FALSE முக்கியம். TRUE கொடுத்தால் காலிக் கட்டத்தைத் தாண்டிப் போய்விடும், பதினொரு தகவல் பத்தாகி, பின்னால் இருப்பவை எல்லாம் ஒரு இடம் முன்னால் நகரும். பக்கத்திலேயே குறிகளை எண்ணும் ஒரு ஃபார்முலாவும் வைத்துக்கொள்வேன்:

```
=(LEN(L2)-LEN(SUBSTITUTE(L2,"#~#","")))/3
```

எல்லா வரியிலும் 10 வர வேண்டும். L நெடுவரிசையைக் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டினால் கோப்பு தயார், எழுத்து மட்டும்தான் போகும். ஒட்டியதும் நான் தேடுவது இரட்டை மேற்கோள் குறி. எங்காவது இருந்தால், பெயர்க் கட்டத்துக்குள் யாரோ Alt+Enter அழுத்தி இனிஷியலை அடுத்த வரிக்குத் தள்ளியிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஒருவரின் வரி இரண்டாக உடைந்திருக்கும். பெயருக்கு CLEAN போட்டு மறுபடி ஒட்ட வேண்டும்.

சரிபார்ப்பது நோட்பேடில்தான். எக்செல்லில் திறந்தால் அது எண்களை மறுபடி தன் போக்கில் படித்துக்கொள்ளும். கோப்பின் வரி எண்ணிக்கை, நகல் ஷீட்டில் 1 விழுந்த வரிகளோடு "லீவு" வரிகளையும் சேர்த்து, இரண்டு வரிக்காரர்களின் கூடுதல் வரிகளைக் கழித்தால் வருகிற எண்ணாக இருக்க வேண்டும். மொத்தச் சம்பளத்தின் கூட்டுத்தொகையையும் மூல ஷீட்டோடு ஒத்துப் பார்ப்பேன். அங்கே கீழே SUBTOTAL(9) போட்டிருந்தால் கையால் மறைத்த வரிகளும் அதில் சேர்ந்திருக்கும். 109 போட்டிருந்தால் சேர்ந்திருக்காது. விலகியவர்களில் யாருக்காவது பாக்கிச் சம்பளம் அந்த வரியில் இருந்தால், 9 போட்ட தொகைக்கும் கோப்பின் தொகைக்கும் இடையில் அந்த அளவு வித்தியாசம் தெரியும். பாக்கி பி.எஃப். சம்பளத்தில் சேர்வதாக இருந்தால், அவர் பெயரும் கோப்பில் வர வேண்டும். அதை அந்தத் தம்பியிடம் கேட்டுவிட்டுத்தான் போர்ட்டலைத் திறப்பேன்.