மீந்த மருந்துக்கு ஒரு சாட்சி

வஹகோட்டையிலிருந்து பஸ் ஏறி வேலைக்குப் போகும் விடுதித் தாதியாகிய எனக்கு, மோர்பின், பெத்திடின் முதலிய அபாயகர ஔடதங்களைக் கையாளுவதில் எந்தக் கட்டம் மிகவும் ஜாக்கிரதையை வேண்டுகிறது என்று புதிதாக வந்த பிள்ளைகள் கேட்கும்போதெல்லாம், இரட்டைப் பூட்டுள்ள அலுமாரியைத் திறக்கும் கட்டம் என்றோ, ஊசி போடும் கட்டம் என்றோ சொல்ல மனம் வருவதில்லை. ஊசி போட்டு முடிந்தபின் சிரிஞ்சில் மீந்து நிற்கும் சில மில்லிலிட்டர் திரவம் யார் கண்முன்னே, எவ்விடத்தில் முடிவடைகிறது என்பதே பிரதானமான விஷயம் என்று சொல்லுகிறேன். அலுமாரிக்குள் இருப்பதை எண்ணிவிடலாம். உடைத்த அம்பியூலில் மீந்ததை எண்ண முடியாது.

1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நச்சு, அபின் மற்றும் அபாயகர ஔடதங்கள் கட்டளைச்சட்டத்தின் கீழ் வரும் இந்த மருந்துகளுக்கென்று ஒவ்வொரு விடுதியிலும் தனியாக ஒரு பதிவேடு உண்டு, டி.டி.ஏ. புத்தகம் என்றால் எல்லோருக்கும் விளங்கும். அதன் ஒரு வரி எப்படி உண்டாகிறது என்பதை ஓர் உதாரணத்தால் விளக்குவது நலம். ஜூன் மாதத்துப் புனித அந்தோனியார் திருவிழாவுக்கு யாத்திரிகர் திரளும் நாளில், வீதி விபத்தொன்றில் தொடையெலும்பு முறிந்த ஒரு முதியவர் விடுதிக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். வயதையும் மெலிந்த உடலையும் கருதி வைத்தியர் 3 மில்லிகிராம் மோர்பினை நாளத்தினூடாக மெதுவாகக் கொடுக்குமாறு எழுதுகிறார். அலுமாரியிலுள்ள அம்பியூலோ 1 மில்லிலிட்டரில் 10 மில்லிகிராம் அடங்கியது.

சாவியை வைத்திருக்கும் தாதி, அலுமாரியைத் திறப்பதற்கு முன்பே இரண்டாமவரை அழைத்துக்கொள்ள வேண்டும். இருவருமாக எண்ணுகிறார்கள்: புத்தகத்தில் 12, தட்டில் 12. ஒன்றை எடுத்தபின் 11 என்று மிகுதி எழுதப்படுகிறது. அதன்பின் அந்த 1 மில்லிலிட்டருடன் 9 மில்லிலிட்டர் சேலைன் சேர்த்து, ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு மில்லிகிராம் ஆகும்படி ஐதாக்கி, சிரிஞ்சின்மேல் மருந்தின் பெயரும் செறிவும் எழுதி ஒட்டுகிறார்கள். இவ்விடத்தில்தான் இரண்டாமவருடைய மதிப்பு வெளிப்படுகிறது. “மூன்று மில்லிலிட்டர், சரிதானே மிஸ்?” என்று கேட்டால் களைத்த மனம் ‘ஓம்’ என்றே பதில் சொல்லும், கேட்டவருடைய பிழையும் அந்த ‘ஓம்’ என்பதற்குள் அடங்கிப் போய்விடும். ஆகவே நான், “கட்டளையை வாசித்து, எத்தனை மில்லிலிட்டர் என்று நீங்களே கணக்குப் பார்த்துச் சொல்லுங்கோ” என்று மட்டும் கேட்டுவிட்டு, என் விடையைச் சொல்லாமல் காத்திருக்கிறேன். இரு விடைகளும் தனித்தனியே பிறந்து ஒன்றுபட்டாலன்றி அது இரட்டைப் பரிசோதனை ஆகாது.

மூன்று மில்லிலிட்டரும் சில நிமிஷங்களில் மெதுவாகச் செலுத்தப்படுகின்றன. மூச்சின் எண்ணிக்கையும் வலியின் அளவும் பார்க்கப்படுகின்றன. சற்று நேரத்துக்குப் பின்னும் வலி தணியாமையால் வைத்தியர் மேலும் 2 மில்லிகிராம் எழுதுகிறார். இடைப்பட்ட நேரத்தில் அந்தச் சிரிஞ்ச் கட்டிலருகே மேசையிலும் இருக்கக்கூடாது, மேலங்கிப் பையிலும் இருக்கக்கூடாது. அதை எடுத்தவருடைய கையிலும் கண்ணிலுமே இருக்க வேண்டும். இறுதியில் கொடுத்தது 5, மீந்தது 5. மீந்த 5 மில்லிலிட்டரும், பஞ்சிலோ உறிஞ்சும் கடதாசியிலோ இருவர் பார்க்க முழுவதும் பீச்சப்பட்டு, எரித்தழிக்கும் கழிவோடு சேர்கின்றன. சிரிஞ்சை மருந்தோடு கூரிய பொருட்களுக்கான பெட்டியில் போட்டுவிடும் வழக்கத்தை நான் எங்கும் ஏற்பதில்லை. பெட்டிக்குள் கையை விடத் துணிந்தவனுக்கு அது மருந்தைத் தானம் செய்ததற்கே சமானம். அப்புறம் புத்தகத்தில் கொடுத்த அளவு, அழித்த அளவு, நேரம், இரு கையொப்பங்கள்.

ஐந்தும் ஐந்தும் பத்து என்பதில் கணக்கு பூரணமாகிவிடுகிறது. ஆனால் அந்தப் பூரணம் எதை நிரூபிக்கிறது? மோர்பினும் நிறமற்றது, சேலைனும் நிறமற்றது. அம்பியூல் உடைந்த வேளையில் அங்கில்லாமல், அழிக்கும் வேளையில் மாத்திரம் வந்து நிற்கும் சாட்சி, ஐந்து மில்லிலிட்டர் திரவம் பஞ்சில் ஊறியதைப் பார்த்தார் என்பது உண்மை. அது மருந்து என்பதற்கு அவரிடம் எந்த ஆதாரமும் இல்லை. உடைத்தல், கொடுத்தல், அழித்தல் ஆகிய மூன்றிலும் ஒரே சாட்சி இடையறாது நிற்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பதன் காரணம் இதுவே.

இது வீண் சந்தேகம் என்று நினைப்போர் அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து எக்ஸிற்றர் வைத்தியசாலையில் 2012இல் வெளிப்பட்ட சம்பவத்தைக் கருத வேண்டும். டேவிட் குவியட்கோவ்ஸ்கி என்னும் தொழில்நுட்பவியலாளர், நோயாளிகளுக்கென எடுத்து வைக்கப்பட்டிருந்த பெண்டனில் சிரிஞ்சுகளைத் திருடித் தமக்கே ஏற்றிக்கொண்டு, அதே சிரிஞ்சுகளில் சேலைனை நிரப்பித் திரும்ப வைத்தார். அவருடைய இரத்தத்திலிருந்த ஹெப்பரைற்றிஸ் சி கிருமி அந்த ஒரு வைத்தியசாலையிலேயே முப்பதுக்கும் மேற்பட்ட நோயாளிகளுக்குத் தொற்றியது. 2013 டிசம்பரில் அவருக்கு 39 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. கவனிப்பாரின்றிச் சில நிமிஷம் கிடந்த சிரிஞ்சுகளே அதற்கு வழி செய்தன. வலி நிவாரணியை எதிர்பார்த்துப் படுத்திருந்தவர்களுக்கு உப்புநீர் ஏறியது என்பதை நினைக்குந்தோறும் என் நெஞ்சு பதைக்கிறது.

புத்தகம் சுத்தமாயிருக்கும்போதே பிழை நடக்கக்கூடும் என்பதால், புத்தகத்துக்கு வெளியேயும் பார்க்கப் பழக வேண்டியிருக்கிறது. மோர்பின் கொடுத்ததாக எழுதியிருக்க, நோயாளி அதே வேதனையில் முனகுகிறாரா? எப்பொழுதும் அதே இருவரே ஒருவருக்கொருவர் சாட்சியாகின்றனரா? சிறிய அம்பியூல் கையிருப்பில் இருக்கப் பெரியதே உடைக்கப்பட்டு, அழித்த அளவு நாளுக்கு நாள் பெருகுகிறதா? இவற்றில் ஒன்றுமே ஒருவரைக் குற்றவாளியாக்கிவிடாது. பொறுப்பான சிஸ்டரிடம் தனியாகச் சொல்லி விசாரிக்க வேண்டிய காரணம் மட்டுமே ஆகும். இத்தகைய மருந்துக்கு அடிமைப்பட்டவர் நம்முடன் வேலை செய்பவராயிருப்பின் அவரும் சிகிச்சை வேண்டிய நோயாளியே. காலந்தாழ்த்தி மறைப்பது அவருக்கும் தீங்கு.

எழுத்துப் பிழை நேர்ந்தால் அதன்மேல் திருத்தி எழுதுவதோ, வெள்ளை மை பூசுவதோ ஆகாது; பழையது வாசிக்கத் தெரியும்படி ஒரே கோடிட்டு, அருகே சரியானதை எழுதி, இருவரும் ஒப்பமிட வேண்டும். அம்பியூல் தவறி விழுந்து உடைந்தால், கூட்டி அள்ளுமுன்னர் இன்னொருவர் பார்க்க வேண்டும்.

இவற்றுள் மிகக் கடினமானது இரவுக் கடமைதான். இருபத்தைந்து நோயாளிகளுக்கு இரு தாதிகள் இருக்க, ஒருவர் மூச்சுத் திணறும் நோயாளியருகே நின்றால் மற்றவருக்குச் சாட்சி எங்கே? நான் வேலை பார்த்த ஓரிடத்தில், காலையில் வருகிறவர் இரவின் வரிகளுக்கெல்லாம் ஒப்பமிட்டுக் கொடுக்கும் வழக்கம் இருந்தது. அங்கு ஒருவர் மீதும் எனக்குச் சந்தேகம் உண்டானதில்லை, ஆயினும் அந்த ஒப்பங்களில் ஒன்றாவது ஒரு சம்பவத்தைக் கண்ணால் கண்டு இடப்பட்டதன்று. வலியால் துடிப்பவரைச் சாட்சிக்காகக் காக்க வைப்பதும் அநீதி. எனவே வைத்தியரின் கட்டளை எழுதப்படும் அந்த நொடியிலேயே, அலுமாரியை நெருங்குமுன், பக்கத்து விடுதிக்குத் தொலைபேசியில் சொல்லி ஒருவரை வரவழைக்கிறேன். அதுவும் இயலாதபோது, கட்டளையை எழுதிய வைத்தியரையே நிற்கும்படி கேட்கிறேன். “ஐந்து நிமிஷம் நில்லுங்கோ டொக்டர், அம்பியூல் உடைக்கிறதிலிருந்து பாருங்கோ” என்று கேட்டு இதுவரை எவரும் மறுத்துப் போனதில்லை. அவர்கள் போக அவசரப்படுவது, மிச்சத்தை அழிப்பதற்குச் சற்று முன்னர்தான்.