ரண்ணில் தண்ணீர் வற்றவில்லை

2019 ஆகஸ்ட் 20 அன்று ஆய்விதழ் ஆசிரியரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. கட்டுரையை நிராகரிக்கவில்லை, பெரிய திருத்தங்கள் கேட்டிருந்தார்கள். கெடு 90 நாள். அதாவது நவம்பர் 18. அதைத் தாண்டினால் கட்டுரை புதிதாக வந்ததாகக் கருதப்படும். வேறு மதிப்பீட்டாளர்கள், எல்லாம் முதலிலிருந்து.

குஜராத்தின் கட்ச் சிறிய ரண்ணில் உப்பு விளைவிக்கும் அகரியாக்களின் டீசல் செலவைப் பற்றிய கட்டுரை அது. அங்கே கடல்நீரைப் பாய்ச்சி உப்பு எடுப்பதில்லை. கிணறு தோண்டி, நிலத்தடி உவர்நீரை என்ஜின் வைத்து இறைத்துப் பாத்திகளில் விடுகிறார்கள். டீசலுக்கு முன்பணம் தருபவர் வியாபாரி. கோடையில் உப்பை எடுத்துக்கொள்ளும்போது அதைக் கழித்துக்கொள்வார்.

இரண்டாம் மதிப்பீட்டாளரின் கேள்வி என் கட்டுரையின் ஆணிவேரைத் தொட்டது. டீசல் கணக்கை நான் மே மாதத்தில், பருவம் முடிந்தபின், குடும்பங்களின் ஞாபகத்திலிருந்து கேட்டு எழுதியிருந்தேன். பகலில் சூரிய சக்தி பம்பும் இரவில் டீசல் என்ஜினும் ஓட்டுகிற வீடுகளில் எந்த இறைப்புக்கு எவ்வளவு ஆனது என்பதை யாருடைய ஞாபகம் சொல்லும்? இறைக்கும்போதே அளந்து வாருங்கள் என்றார். நியாயமான கேள்வி. எரிச்சலூட்டும் அளவுக்கு நியாயமான கேள்வி.

மழைக்காலத்தில் ரண் ஒரு பெரிய ஏரி. வழக்கமாக அக்டோபரில் அது காயத் தொடங்கும். குடும்பங்கள் கூடாரத்தோடு உள்ளே போகும். அந்த வருடம் பருவமழை வடமேற்கு இந்தியாவை விட்டு விலகத் தொடங்கியதே அக்டோபர் 9-ல்தான். அதுவரை பதிவானவற்றில் மிகத் தாமதமான விலகல் அது.

அக்டோபர் 25-ல் ஆசிரியருக்கு எழுதினேன்: 'களப்பணியில் தவிர்க்க முடியாத தாமதம். மேலும் கொஞ்ச காலம் அனுமதிக்க வேண்டுகிறேன்.' மூன்றாம் நாள் பதில் வந்தது. எது முடிந்தது? எது பாக்கி? எந்தத் தேதி வரை? மூன்றே கேள்விகள். பணிவாக எழுதியதாக நினைத்திருந்த எனக்கு, ஒன்றுமே சொல்லாமல் எழுதியிருந்தது அப்போதுதான் உறைத்தது.

பதில் எழுதுமுன் காராகோடாவுக்குப் போனேன். நவம்பர் முதல் வாரம். 'மகா' புயலின் புண்ணியத்தில் மறுபடி மழை. ஊருக்கு வெளியே பாதை முடிகிற இடத்தில் தண்ணீர் நின்றது. "பேன், முதலில் தண்ணீர் போகட்டும். பிறகு நாங்கள் போகிறோம், பிறகு நீங்கள் வாருங்கள்" என்றார் எனக்குத் தெரிந்த பெரியவர். பேன் என்றால் சகோதரி. தொலைபேசியில் கேட்டு எழுதிவிடலாமா என்ற சபலம் வந்தது உண்மை. ஆனால் அதுவும் ஞாபகக் கணக்குதானே!

பெரியவரை உட்கார வைத்துத் தேதிகளைக் கேட்டேன். டிசம்பர் தொடக்கத்தில் உள்ளே போனால், கிணறு வெட்டவும், பாத்தித் தரையைக் காலால் மிதித்து இறுக்கவும் மூன்று வாரமாவது ஆகும். இறைப்பு மாத இறுதியில். அப்படியானால் என் அளவெடுப்பு ஜனவரியில்.

கடைசிக் கணக்குத் தீர்வதைப் பார்க்க மே வரை கேட்கலாமா என்று யோசித்தேன். மதிப்பீட்டாளர் கேட்டது டீசலை, வருமானத்தை அல்ல. ஆசையைச் சுருக்கிக்கொண்டேன். நவம்பர் 9-ல் இரண்டாவது கடிதம்:

'மதிப்பீட்டாளர்களின் மற்ற கருத்துகளுக்கான திருத்தங்கள் முடிந்துவிட்டன, இத்துடன் இணைத்துள்ளேன். பாக்கி, டீசல் அளவெடுப்பு மட்டும். ரண்ணில் இன்னும் தண்ணீர் நிற்பதால் உப்புப் பருவம் தொடங்கவில்லை. ஜனவரியில் 8 குடும்பங்களில் இரண்டு முறை, பத்துப் பத்து நாள் அளப்பேன். 2020 பிப்ரவரி 28-க்குள் அனுப்புகிறேன். டிசம்பர் 31-க்குள் இறைப்பு தொடங்காவிட்டால் அன்றே தெரிவிக்கிறேன். இந்த அவகாசம் தர இயலாதெனில், கட்டுரையைத் திரும்பப் பெற்றுப் பின்னர் புதிதாக அனுப்புகிறேன்.'

மறுநாளே அனுமதி வந்தது. கெடு முடிய எட்டு நாள் இருந்ததால் இணையதளத்தில் தேதியைச் சுலபமாக மாற்ற முடிந்ததாக ஒரு வரி சேர்த்திருந்தார். கெடு கடந்த பிறகு கேட்டிருந்தால் அந்தக் கதவு தானாகவே மூடியிருக்கும்.

ஜனவரியில் என் கருவிகள் ஒரு மூங்கில் குச்சியும் நோட்டும். காலையும் மாலையும் டீசல் பீப்பாயில் குச்சியை விட்டு ஈரம் ஏறிய உயரத்தைக் குறித்தேன். என்ஜின் ஓடிய நேரத்தை வீட்டுப் பெண்கள் குறித்து வைத்தார்கள். மே மாதத்தில் அவர்கள் எனக்குச் சொன்னது வியாபாரியிடம் வாங்கிய டீசலை. எரித்த டீசலை அல்ல. பக்கத்துப் பாத்திக்காரருக்குக் கைமாற்றாகக் கொடுத்ததும் அதில் அடக்கம். என் பழைய அட்டவணையை முழுக்க நீக்க வேண்டியிருந்தது.

பிப்ரவரி 26-ல் அனுப்பினேன்.