மஞ்சள் லைட் எரிந்தால் வானை நீட்டி ஓட்டுங்கோ

ஜப்பானில் பாவித்துவிட்டு இங்கே வருகிற டீசல் வான்கள் பலவற்றின் வயிற்றுக்குக் கீழே ஒரு வடிகட்டி இருக்கிறது. டி.பி.எஃப் என்று சொல்லுவினம். டீசல் புகையில் வரும் கரித் துகளைப் பிடித்து வைப்பது அதன் வேலை. அது நிரம்பத் தொடங்கினால் மீற்றர் பலகையில் மஞ்சள் லைட் ஒன்று எரியும். பல வாகனங்களில் அது ஒரு குழாய்ப் படம், நடுவில் புள்ளிகள் நிறைந்த ஒரு பெட்டி. யாழ்ப்பாணத்தில் இந்த லைட்டுக்குக் கிடைக்கும் வைத்தியம் பெரும்பாலும் ஒன்றுதான்: வடிகட்டியை வெட்டி எறிவது. எங்கட வீட்டு வானுக்கும் அந்த ஆலோசனைதான் முதலில் வந்தது. நாங்கள் அதைச் செய்யவில்லை. ஏன் செய்யவில்லை, பிறகு என்ன செய்தோம் என்பதைத்தான் இதில் எழுதுகிறோம்.

முதலில் அந்த வடிகட்டி எப்படி வேலை செய்யுது என்று பார்ப்போம். வெளியில் பார்த்தால் சைலன்சர் மாதிரி ஒரு தகரப் பீப்பா. உள்ளே தேன்கூடு போலச் சின்னச் சின்ன ஓட்டைகள் கொண்ட பீங்கான் கட்டி. ஒவ்வொரு ஓட்டையும் ஒரு பக்கம் திறந்திருக்கும், மறுபக்கம் அடைத்திருக்கும். பக்கத்து ஓட்டை அதற்கு நேர்மாறு. ஆகவே உள்ளே போன புகை சுவருக்குள்ளால் கசிந்துதான் வெளியேற முடியும். காற்று போய்விடும், கரி தங்கிவிடும். தேத்தண்ணி வடியில் தூள் சேரச் சேர வடிவது மெதுவாகுது அல்லவா, அதே கதைதான். தேத்தண்ணி வடியைத் தட்டிக் கொட்டலாம். இதைத் தட்ட முடியாது. உள்ளே சேர்ந்த கரியை உள்ளேயே எரித்துத்தான் தீர்க்க வேண்டும்.

எரிப்பதற்குச் சூடு வேண்டும், அதிலும் பெரிய சூடு. கரி தானாகப் பற்றி எரிய ஏறத்தாழ 600 பாகை செல்சியஸ் தேவை. நெடுந்தூரம் பாரத்தோடு ஓடும்போது புகை 300, 350 பாகைக்கு ஏறும். அந்தச் சூட்டிலேயே, புகையில் இருக்கும் நைதரசன் ஈரொட்சைட்டின் உதவியோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கரி எரிந்துகொண்டே இருக்கும். ஓட்டுபவருக்கு அது தெரியவும் மாட்டாது. அது போதாமல் கரி கூடினால் வாகனத்தின் கணினி தானே வேலையைத் தொடங்கும். எரிந்து முடிகிற நேரத்தில் கொஞ்சம் டீசலைக் கூடுதலாக விசிறும். அந்த டீசல் வடிகட்டிக்கு முன்னால் இருக்கும் ஊக்கியில் எரிந்து, வடிகட்டியை 600 பாகைக்குக் கொண்டுபோகும். இதைத்தான் ரீஜெனரேஷன் என்கிறார்கள். பொதுவாகப் பத்து முதல் இருபது நிமிசம் பிடிக்கும். அவ்வளவு நேரமும் வாகனம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். சிக்கலே அந்த இருபது நிமிசத்தில்தான்.

எங்கட வானின் ஒரு நாளைப் பாருங்கோ. காலமை கொக்குவிலில் இருந்து டவுனில் உள்ள பள்ளிக்கூடம், நாலு கிலோமீற்றர். அங்கிருந்து திரும்பி வீடு. பிறகு திருநெல்வேலிச் சந்தை. மத்தியானம் பிள்ளைகளைக் கூட்டிவரத் திரும்பவும் டவுன். பின்னேரம் டியூஷன், இரவு திரும்ப ஏற்றிவர இன்னொரு தரம். கூட்டிப் பார்த்தால் இருபத்தைந்து கிலோமீற்றர் வரும். ஆனால் எந்த ஓட்டமும் கால் மணித்தியாலத்தைத் தாண்டாது. எஞ்சின் சூடாகிற நேரத்தில் வான் நின்றுவிடும்.

ஐயாவின் கூட்டாளி ஒருவரிடம் சின்ன ஸ்கேனர் ஒன்று இருந்தது. அதை ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சொக்கற்றில் செருகி, போனில் பார்த்தோம். டவுனுக்குள் ஓடும்போது வடிகட்டிக்கு முன்னால் புகையின் சூடு 180 பாகை. சிக்னலில் நின்றால் 150. கே.கே.எஸ். வீதியில் கொஞ்சம் நீட்டி ஓடினால் 220. இதில் கரி எரிய வழியே இல்லை, சேர மட்டும்தான் செய்யும். கரி அளவு 78 வீதம் என்று காட்டியது. கடைசியாக ரீஜெனரேஷன் முழுதாக முடிந்த பிறகு ஓடிய தூரம் 840 கிலோமீற்றர். இடையில் கணினி எத்தனையோ தரம் தொடங்கியிருக்கும். ஒவ்வொரு தரமும் பள்ளிக்கூட வாசலிலோ சந்தையிலோ திறப்பைத் திருப்பி நிப்பாட்டியாச்சு. வானில் ஒரு கோளாறும் இல்லை. அதற்கு நேரம் மட்டும்தான் கிடைக்கவில்லை.

இடையில் நிற்பதால் இன்னொரு தொல்லையும் வரும், அது கண்ணுக்குத் தெரியாது. பல எஞ்சின்களில் அந்தக் கூடுதல் டீசலைச் சிலிண்டருக்குள்தான் விசிறுகிறது. அதில் ஒரு பங்கு எரியாமல் சிலிண்டர் சுவர் வழியே கீழே இறங்கி எஞ்சின் ஒயிலோடு கலக்கும். ஒயில் குறைவதுதான் வழக்கம், இங்கே கூடும். கம்பியை இழுத்துப் பார்த்தால் மேல் கோட்டைத் தாண்டி நிற்கும், மணந்தால் டீசல் மணக்கும். அப்படி நீர்த்துப்போன ஒயில் எஞ்சினைச் சரியாகக் காக்காது. மிகவும் கூடிவிட்டால் எஞ்சின் அந்த ஒயிலையே உறிஞ்சிக் கட்டுப்பாடில்லாமல் ஓடத் தொடங்கும் ஆபத்தும் இருக்கிறது. எங்கட வானில் ஒயில் மேல் கோட்டுக்கு அரை விரல் மேலே நின்றது.

கராஜ் அண்ணை சொன்னது இதுதான்: "தம்பியவை, அதைக் கழட்டி உள்ளுக்க இருக்கிறதைக் கொத்தி எடுத்துவிட்டா ஒரு கரைச்சலும் இல்லை. லைட்டையும் கொம்பியூட்டராலயே நிப்பாட்டலாம். எத்தினை வானுக்குச் செய்து குடுத்திட்டன்."

அவர் எங்களை ஏமாற்றவில்லை. வெட்டினால் லைட் எரியாது என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கரி எங்கே போகும்? 2012இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதலாம் வகையில் டீசல் புகையைச் சேர்த்தது. எங்கட வான் ஒரு நாளில் அதிக நேரம் எஞ்சினோடு நிற்கிற இடம் பள்ளிக்கூட வாசல். அங்கே பிள்ளைகள் நிற்பது வானின் புகைக் குழாய்க்குக் கிட்டத்தான். வீட்டில் கடைக்குட்டிக்கு இழுப்பு வேறு. அம்மா கேட்டது ஒரு கேள்விதான்: "அண்ணை, வெட்டாமல் ஒருக்கால் எரிச்சுப் பாக்கேலாதோ?" அண்ணை யோசித்துவிட்டு, "நீட்டி ஓடினா எரியும் தங்கச்சி. ஆனா ஆர் இஞ்ச ஓடுகினம்?" என்றார்.

ஓடுவதற்கு முன் நாலு விசயம் பார்த்தோம். லைட் விடாமல் எரியுதா, விட்டுவிட்டு மினுங்குதா என்பது முதலாவது. விடாமல் எரிந்தால் ஓடலாம். மினுங்கினால், அல்லது எஞ்சின் லைட்டும் சேர்ந்து எரிந்து வான் இழுக்க மறுத்தால், ஓடக்கூடாது. அந்த நிலையில் கரி அளவுக்கு மிஞ்சி இருக்கலாம். அது ஒரேயடியாகப் பற்றினால் பீங்கானே வெடித்துவிடும், ஆகவே கராஜில் ஸ்கேனர் போட்டுக் கண்காணித்துத்தான் எரிக்க வேண்டும். இரண்டாவது, ஸ்கேனரில் வேறு பிழைக் குறியீடு இருக்கக்கூடாது. சூட்டை அளக்கும் உணரியோ, வடிகட்டிக்கு முன்னும் பின்னும் அழுத்தத்தை அளக்கும் உணரியோ பிழைத்திருந்தால் கணினி ரீஜெனரேஷனைத் தொடங்காது, நீங்கள் கொழும்பு மட்டும் ஓடினாலும் பிரயோசனமில்லை. மூன்றாவது, டாங்கியில் டீசல் கால்வாசிக்கு மேல் இருக்க வேண்டும், குறைந்தால் பல வாகனங்கள் இந்த வேலைக்கு இறங்காது. நாலாவது ஒயில். நீர்த்த ஒயிலோடு நீண்ட ஓட்டம் வேண்டாம் என்று முதலில் அதை மாற்றினோம்.

ஞாயிறு காலமை ஆறரைக்கு வெளிக்கிட்டோம். ஏ9 வீதி, நாவற்குழி, சாவகச்சேரி. அதுவரைக்கும் எஞ்சினை ஒழுங்காகச் சூடாக்கியதுதான் வேலை. கொடிகாமம் தாண்டியதும் வீதி திறந்தது. இங்கே முக்கியம் எஞ்சின் சுற்றுத்தான், வேகம் இல்லை. ஊருக்கு வெளியே 70க்கு மேல் ஓடச் சட்டமும் இல்லை, தேவையும் இல்லை. ஐந்தாம் கியரில் 60இல் போனால் எஞ்சின் 1,600 சுற்றில் சோம்பிக்கொண்டு ஓடும். நாலாம் கியருக்கு இறக்கி 2,200 சுற்றில் ஒரே சீராகப் பிடித்தோம். பளைக்குக் கிட்டப் போகும்போது போனில் சூடு 290. சில நிமிசத்தில் சட்டென்று 400, 500, பிறகு 590. கணினி தொடங்கிவிட்டது என்று அர்த்தம். ஸ்கேனர் இல்லாதவர்களுக்கும் அடையாளம் உண்டு: நின்றால் எஞ்சின் வழக்கத்தைவிடக் கொஞ்சம் உயர்ந்த சுற்றில் ஓடும், சூடான உலோக மணம் வரும், டீசல் செலவு கூடும், நிறுத்தின பிறகும் காற்றாடி சுற்றும்.

இயக்கச்சி தாண்டி லைட் அணைந்தது. எல்லாரும் கை தட்டினார்கள், ஆனால் வானைத் திருப்பவில்லை. கரி ஒரு அளவுக்குக் கீழே இறங்கினதுமே லைட் அணையலாம், எரிப்பது அத்தோடு முடிந்தது என்று இல்லை. ஆனையிறவு உப்பளத்தைக் கடந்து பரந்தன் வரைக்கும் அதே சுற்றில் போனோம். சூடு தானாக 300க்கு இறங்கின பிறகுதான் திரும்பினோம். வீட்டுக்கு வந்து பார்த்தால் கரி அளவு 11 வீதம். வழியில் தேத்தண்ணி குடிக்க நிறுத்தும்போது ஒன்றை மட்டும் கவனித்தோம்: காய்ந்த புல்லுக்கு மேல் வானை நிறுத்தவில்லை. அந்த நேரத்தில் அடியில் இருக்கும் சூடு புல்லைப் பற்றவைக்கக் காணும்.

இந்த ஓட்டம் எல்லாவற்றையும் தீர்க்காது. எஞ்சின் ஒயிலில் இருக்கும் உலோகச் சேர்மானங்கள் எரிந்து சாம்பலாக வடிகட்டியில் தங்கும். கரி எரியும், சாம்பல் எரியாது. நிறைய ஓடிய வானில் அதைக் கழட்டித்தான் சுத்தம் செய்ய வேண்டும். சாம்பல் குறைந்த ஒயிலை வாகனத்தின் கைநூல் சொன்னபடி ஊற்றினால் அந்த நாளைத் தள்ளிப்போடலாம். கந்தகம் குறைந்த சுப்பர் டீசலும் உதவும். நீண்ட ஓட்டம் ஓடி நூறு, இருநூறு கிலோமீற்றரிலேயே லைட் திரும்ப எரிந்தால், குற்றம் உங்கட ஓட்டத்தில் இல்லை. இன்ஜெக்டர் கசியலாம், ஈ.ஜி.ஆர் வால்வு அடைத்திருக்கலாம், டர்போ ஒயில் குடிக்கலாம். அதைத் திருத்தாமல் எத்தனை தரம் பரந்தன் போனாலும் லைட் வரும்.

இப்ப வீட்டில் ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறோம். சந்தைக்குச் சைக்கிள். டியூஷனுக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு சேர்த்து ஒரே ஓட்டம். இரண்டு கிழமைக்கு ஒருக்கால் கிளிநொச்சியில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்குப் போகும்போது வானையே கொண்டுபோகிறோம், முன்னம் பஸ்ஸில்தான் போவது. ரீஜெனரேஷன் நடக்கிற அடையாளம் வீட்டு வாசலில் தெரிந்தால், நிறுத்தாமல் இன்னும் பத்து நிமிசம் கோண்டாவில் பக்கம் ஒரு சுற்றுச் சுற்றி வருகிறோம்.

வான் வாங்க யோசிக்கிற ஆக்கள் விற்பவரிடம் இரண்டு விசயம் கேளுங்கோ: டி.பி.எஃப் உள்ளே இருக்குதா, வெட்டியாச்சா? கடைசி ரீஜெனரேஷன் எத்தனை கிலோமீற்றருக்கு முன் முடிந்தது? இரண்டாவதுக்குப் பதில் ஸ்கேனரில் ஐந்து நிமிசத்தில் கிடைக்கும். பிறகு உங்களையே ஒன்று கேளுங்கோ: கிழமைக்கு ஒருக்காலாவது இந்த வானை அரை மணித்தியாலம் நிறுத்தாமல் ஓட்டுவீங்களா? இல்லை என்றால் உங்களுக்குப் பெற்றோல் வாகனம்தான் சரி.