சலான் போட்டோ எங்கே போச்சு?



நம்ம ஊரில் இப்போது பாதிக் கணக்கு வாட்ஸ்அப்பில்தான் நடக்கிறது. டெலிவரி சலான், சாயப்பட்டறை பில், அளவு சார்ட் எல்லாம் அதில்தான் வருகின்றன. வந்தது போனில் இருக்கும். ஆனால் வேண்டும் நேரத்தில் கிடைக்காது. என் பழைய மாணவர் ஒருவருக்கு நடந்ததை அவர் சம்மதத்தோடு எழுதுகிறேன்.

அனுப்பர்பாளையம் பக்கம் சின்னதாகப் பவர் டேபிள் வைத்திருக்கிறார். ஒரு கம்பெனிக்கு டி-ஷர்ட் தைத்துக் கொடுத்தார். கணக்கு முடிக்கும்போது கம்பெனியில், "கட்டிங் பீஸ் 2,400 கொடுத்தோம், தைத்து வந்தது 2,150தான். மீதி 250க்குத் துணி விலையைப் பிடித்துக்கொள்வோம்" என்று சொல்லிவிட்டார்கள். இவருக்கு வந்ததே 2,150தான். பேப்பர் சலான் தொலைந்துவிட்டது. ஆனால் சூப்பர்வைசர் அதைப் போட்டோ எடுத்து அனுப்பியது ஞாபகம் இருந்தது. "மூணு நாளாத் தேடறேனுங்க டீச்சர், சிக்கவே மாட்டேங்குது" என்று போனோடு வீட்டுக்கு வந்துவிட்டார்.

எப்படித் தேடினாய் கண்ணு என்று கேட்டேன். மேலே இருக்கும் தேடும் கட்டத்தில் DC என்று அடித்திருக்கிறார். அந்த எழுத்து உள்ள செய்தியெல்லாம் வரிசையாக வந்தது, சலான் மட்டும் வரவில்லை. காரணம் இதுதான்: அந்தத் தேடல் தட்டச்சு செய்த எழுத்தைத்தான் பார்க்கும். பி.டி.எஃப். ஆக வந்திருந்தால் கோப்பின் பெயரையும் பார்க்கும். போட்டோவுக்குள் பேனாவில் எழுதியிருப்பதை அதனால் படிக்க முடியாது.

வார்த்தை உதவாதபோது யார் அனுப்பினார், என்றைக்கு வந்தது என்ற இரண்டையும் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆள் தெரியும், சூப்பர்வைசர். நாளைக் கண்டுபிடிக்க அவருடைய சம்பள நோட்டைக் கொண்டுவரச் சொன்னேன். அந்த டி-ஷர்ட்டுக்கு முதல் சம்பளம் போட்டது 2025 அக்டோபர் 11, சனிக்கிழமை. அப்படியானால் பீஸ் வந்தது ஆயுத பூஜை லீவு முடிந்த அந்த வாரம்.

சூப்பர்வைசர் சாட்டைத் திறந்து, மூன்று புள்ளியைத் தொட்டு, Search போனோம். அந்தக் கட்டத்தின் ஓரத்தில் சின்னதாக ஒரு காலண்டர் படம் இருக்கும். ஆண்ட்ராய்டு போனில் இது 2024 பிப்ரவரியில்தான் வந்தது, அதனால் பலருக்குத் தெரியாது. அக்டோபர் 6ஐத் தொட்டதும் சாட் அந்த நாளுக்கே போய் நின்றது. அங்கிருந்து கீழே தள்ளிக்கொண்டே வந்தோம். மறுநாள் காலைச் செய்திகளில் சலான் இருந்தது. அதில் 2,150 என்று எழுதி, கீழே "பேலன்ஸ் 250 பின்னால் வரும்" என்று சூப்பர்வைசர் கையெழுத்திலேயே இருந்தது. கம்பெனி பிடித்தம் செய்யவில்லை.

நாளே தெரியாவிட்டால் சாட்டின் மேலே உள்ள பெயரைத் தொடுங்கள். Media, links, and docs என்ற இடத்தில் போட்டோக்கள் மாதவாரியாக அடுக்கியிருக்கும். பி.டி.எஃப். எல்லாம் Docs பகுதியில் தனியாக இருக்கும். யார் அனுப்பினார் என்பதும் மறந்துவிட்டால், முதல் பக்கத்துத் தேடும் கட்டத்தில் Documents என்பதைத் தொட்டால் எல்லோரும் அனுப்பிய கோப்புகளும் ஒன்றாக வரும்.

"ஸ்டார் போட்டு வெச்சிருந்தா இவ்வளவு அலைச்சல் இல்லீங்களே?" என்றார். உண்மைதான். செய்தியை அழுத்திப் பிடித்து நட்சத்திரத்தைத் தொட்டால், பிறகு Starred என்ற இடத்தில் தனியாகக் கிடைக்கும். ஆனால் ஸ்டார் என்பது ஓர் அடையாளம்தான், நகல் அல்ல. இடம் போதவில்லை என்று கேலரியில் அந்தப் போட்டோவை அழித்தால், ஸ்டார் இருக்கும், படம் திறக்காது. எல்லாவற்றுக்கும் ஸ்டார் போட்டால் அதுவே இன்னொரு குப்பையாகிவிடும். கணக்கு முடியாத சலானுக்கு மட்டும் போடுங்கள், பணம் வந்ததும் எடுத்துவிடுங்கள். சாட்டைப் பின் செய்வது வேறு. அது அந்த ஆளின் சாட்டை மேலே நிறுத்தி வைக்கும், உள்ளே இருக்கும் சலானைக் காட்டாது. பின் செய்ய மூன்று சாட்டுக்குத்தான் இடம், அதனால் இப்போது வேலை ஓடும் கம்பெனிகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம்விட அவருக்கு நான் சொன்ன ஒரு பழக்கம்தான் முக்கியம். சலான் போட்டோ வந்ததும் அதற்கே ரிப்ளை கொடுத்து, சலான் நம்பரையும் "2150 பீஸ் வந்தது, 250 பாக்கி" என்பதையும் தட்டச்சு செய்துவிடுங்கள். பிறகு 2150 என்று தேடினால் அந்த ரிப்ளை வரும், அதன் மேலே உள்ள சின்னப் படத்தைத் தொட்டால் சலானுக்கே போய்விடலாம். நீங்கள் போட்ட ஸ்டார் உங்கள் போனில் மட்டும்தான் தெரியும். ரிப்ளையோ எதிராளி போனிலும் அன்றைய தேதியோடு நிற்கும். எண்ணிக்கை தப்பென்றால் அவர் அன்றைக்கே சொல்லியாக வேண்டும்.