கூடுதலாய் ஓர் அறை

மகள் பதினொன்றாம் வகுப்பிற்கு வந்த ஆண்டு, சைதாப்பேட்டையில் நாங்கள் குடியிருந்த சிறு வீட்டில் அவள் அமர்ந்து படிக்க இடமில்லை. கூடுவாஞ்சேரியில் இரண்டு அறை வீடொன்று கிடைத்தது. பழைய வாடகை 9,000 ரூபாய், புதியது 12,000. மாதம் 5,000 மிச்சம் பிடித்துவந்தோம். தாராளமாகப் போகலாம் என்றேன்.

என் மனைவி பால்கணக்கு நோட்டின் பின்பக்கத்தைப் புரட்டினார். எங்கள் இருவருக்கும் கூடும் இரயில், பேருந்துச் செலவு 900. பராமரிப்புக் கட்டணமும் கூடுதல் மின்கட்டணமும் மேலும் 900. வாடகை உயர்வோடு 4,800.

“இன்னும் 200 இருக்கிறதே!”

“முன்பணத்தை மறந்துவிட்டீர்களே.”

பத்து மாத வாடகை, 1,20,000 ரூபாய். திரும்பி வரும் பணந்தானே என்று நான் அதனைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. பழைய வீட்டின் முன்பணம் 50,000, சாவியை ஒப்படைத்த பின்னரே கைக்கு வரும். வெள்ளையடிக்க ஒரு மாத வாடகையைக் கழித்தால் 41,000. அதுவரை முழுத்தொகைக்கும் கடன். வந்த பின்னும் 79,000 கடன். சேமிப்போ அம்மாவின் மருத்துவத்தில் கரைந்திருந்தது. நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டியென்றாலும் மாதம் 790. மொத்தம் 5,590.

வீட்டுக்காரரிடம் பேசினேன். ஐந்து மாத முன்பணத்திற்கு இசைந்தார். கடன் 19,000 ஆயிற்று, வட்டி 190. மொத்தம் 4,990.

“பத்து ரூபாய் மிச்சம். அசலை எதிலிருந்து அடைப்பது?” என்றார் மனைவி.

அவ்வாண்டு மகள் மொட்டைமாடிப் படிக்கட்டில் அமர்ந்து படித்தாள்.