காலைப் பார், கண்ணை அல்ல

எதிரில் இருப்பவருக்கு இன்னும் பேச விருப்பம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, நாம் முதலில் பார்ப்பது கண்ணைத்தான். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. உரையாடலில் பார்வை எங்கெங்கே போகிறது என்று ஆடம் கெண்டன் 1967இல் ஓர் ஆய்வு எழுதினார். நீளமாகப் பேசத் தொடங்குபவர் பார்வையை விலக்கிக்கொள்வார், முடிக்கும்போது கேட்பவரைப் பார்ப்பார் என்பது அதில் முக்கியமான கண்டுபிடிப்பு. ஆக, பேசுகிறவர் வேறெங்கோ பார்த்தால் அது சலிப்பாக இருக்க வேண்டியதில்லை, யோசிக்கிறார், அவ்வளவுதான். நம்மிடையே மரியாதை வேறு குறுக்கே வரும். பெரியவர் பேசினால் சிலர் தலை குனிவார்கள், சிலர் கண்ணை எடுக்கவே மாட்டார்கள்.

கெண்டன் பிறகு இன்னொன்றையும் கவனித்தார். நின்று பேசுகிறவர்கள் இடுப்பையும் காலையும் வைத்துத் தங்களுக்கு நடுவே ஒரு பொது இடத்தை உண்டாக்குகிறார்கள். தலை திரும்பித் திரும்பி வரலாம். கால் திரும்பினால்தான் அந்த இடம் உடையத் தொடங்குகிறது.

போன மாதம் புத்தகக் கூட்டம் முடிந்து மாமாக் கடை வாசலில் நின்றோம். மூத்த வாசகர் ஒருவர் என் நண்பனிடம் பேசிக்கொண்டிருந்தார். அவன் கண் அவர் முகத்திலேயே இருந்தது. ஆனால் கையில் கார் சாவி, வலது கால் கார் பக்கம், பதிலெல்லாம் “ஆமாங்க ஐயா” என்று சுருங்கிவிட்டது.

“சரி தம்பி,” என்றார் அவர்.

“சரிங்க ஐயா.”

புதிதாக எதுவும் சேர்க்காத இந்தச் ‘சரி’, கிளம்பலாமா என்று கேட்கும் கேள்வி. ஷெக்லாஃபும் சாக்ஸும் 1973இல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். இருவரும் சொன்னால் விடைபெறலாம். ஆனால் இதுவரை சொல்லாமல் விட்டதைச் சொல்லவும் அதுதான் இடம். பெரியவர் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டார்.

“அப்புறம், உங்க கதையில அந்த அம்மா பாத்திரம் இருக்கே…”

நண்பனின் கால் திரும்பி வந்தது. சாவி பைக்குள் போனது. “எந்த இடத்துலங்க ஐயா?” அன்றிரவு அவன் கேட்ட முதல் கேள்வி அது. அரை நிமிடத்துக்கு முன் கிளம்ப நினைத்தவனும் இவன்தான். உடல் அந்த நிமிடத்து விருப்பத்தைத்தான் காட்டும். மனிதரைப் பற்றிய தீர்ப்பு அதில் இல்லை.

2021இல் மாஸ்ட்ரோயானியும் சகாக்களும் செய்த ஆய்வில், இருவரும் விரும்பிய நேரத்தில் முடிந்த உரையாடல்கள் சுமார் 2 சதவீதம்தான். ஒருவர் விருப்பத்தை மற்றவர் அறிய முடியாமல் மறைத்துக்கொள்வது ஒரு காரணம்.

கால் வலித்தாலும் கால் திரும்பும். அதனால் ஓர் அடையாளத்தை மட்டும் நம்பாமல், நான் ஒரு ‘சரி’ சொல்லிவிட்டு இரண்டு நொடி சும்மா இருப்பேன். அவரும் ‘சரி’ என்றால் கிளம்பலாம். அவராக ஏதாவது கேட்டால் இன்னொரு தே தாரிக் சொல்லலாம்.