ஆணி அடிப்பதற்கு முன்...

சுவரில் படம் மாட்டுவது என்ன பெரிய வித்தை, ஆணியும் சுத்தியலும் போதாதா என்று கேட்பவர்கள் காலண்டர் மாட்டியே பழகியவர்கள். காலண்டருக்குப் பக்கத்தில் இன்னொரு காலண்டர் கிடையாது. கண்காட்சியில் உண்டு. முதல் படம் பார்த்தவனை இரண்டாவது படம் இழுக்க வேண்டும், இரண்டாவது மூன்றாவதிடம் தள்ளிவிட வேண்டும்.

நண்பன் ஒருத்தன் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் எடுத்த ஏழு படங்களை மாட்டப் போனோம். சுவர் இருபது அடி. இடது கோடியில் வாசல். ஒரு படம் பெரியது, முப்பது அங்குல அகலம். மற்ற ஆறும் பதினெட்டு.

"பெருசை வாசல்லயே மாட்டிடலாம் மச்சான். உள்ள வந்ததும் அசந்துடணும்" என்றான்.

அசந்து நின்றால் பின்னால் வருகிறவர் எப்படி உள்ளே வருவார்? பஸ்ஸில் ஃபுட்போர்டில் நிற்கிறவர் கதைதான். பெரிய படம் தூரத்திலிருந்தே கண்ணை இழுக்கும். அதனால் அதைச் சுவரின் முக்கால் தூரத்தில் வைத்தோம். வாசலில் நிற்பவருக்கு அது தெரியும். அதைப் பார்க்க நடப்பார். நடக்கிற வழியில் மற்றவை மாட்டும்!

அடுத்து, முகம். வலை பின்னும் பெரியவர் ஒருவரின் படம், இடது பக்கம் பார்க்கிறார். நண்பன் அதை முதலில் வைத்திருந்தான். படத்தில் இருப்பவர் எங்கே பார்க்கிறாரோ, அங்கேதான் நாமும் பார்ப்போம். பெரியவர் பார்த்த இடத்தில் ஸ்விட்ச் போர்டு இருந்தது. அதைத் தாண்டினால் வாசல்.

"கண்ணாடி பிம்பம் மாதிரி திருப்பிப் பிரிண்ட் போட்டுடவா?"

போடலாம். ஆனால் சட்டைப் பாக்கெட் வலது பக்கம் போய்விடும். எவனாவது ஒருத்தன் கண்டுபிடிப்பான். அதைவிட, பெரியவரையே கடைசிக்கு அனுப்பினோம். இப்போது அவர் சுவர் முழுவதையும் திரும்பிப் பார்க்கிறார். பார்வையாளரும் ஒரு தடவை திரும்புகிறார். முதல் இடத்துக்கு, மூக்கை வலது பக்கம் நீட்டியபடி கரைக்கு வரும் படகு.

பிறகு இடைவெளி. சுவர் 240 அங்குலம். படங்கள் மொத்தம் 138. மீதி 102. இரண்டு ஓரத்துக்கும் பதினைந்து பதினைந்து போனால் 72. நடுவில் ஆறு இடைவெளி, ஆளுக்குப் பன்னிரண்டு என்று சமமாகப் பிரிக்கலாம். ஆனால் மூன்று படங்கள் ஒரே மீன் ஏலத்தின் மூன்று நொடிகள். அவற்றுக்கு நடுவே நாலு அங்குலம் மட்டும் விட்டு, மற்ற நாலு இடைவெளிக்கும் பதினாறு கொடுத்தோம். நெருங்கினால் கண் ஒரே வாக்கியமாகப் படிக்கும். விலகினால் முற்றுப்புள்ளி.

உயரத்துக்கு மியூசியம்காரர்கள் வழக்கமாக வைத்திருக்கும் கணக்கு, படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 57 முதல் 60 அங்குலம். நாங்கள் 58 வைத்தோம். மேல் விளிம்பை ஒரே கோட்டில் வைத்தால் பெரிய படம் தொங்கிப் போகும். நடுவைத்தான் ஒரே கோட்டில் வைக்க வேண்டும். சட்டத்தின் உயரம் பன்னிரண்டு என்றால் பாதி ஆறு, 58-உடன் கூட்டினால் 64. பின்னால் உள்ள கம்பியை இழுத்தால் மேல் விளிம்புக்கு இரண்டு அங்குலம் கீழே நிற்கிறது, அதைக் கழித்தால் 62. ஆணி அங்கே.

ஆனாலும் ஆணி அடிக்கவில்லை. படங்களின் அளவுக்குப் பழைய பேப்பர் வெட்டி ஒட்டி, தள்ளி நின்று பார்த்தோம். பேப்பர் கிழிந்தால் பரவாயில்லை, சுவர் கிழிந்தால் ஹால்காரர் சும்மா விடமாட்டார்.

1955-இல் நியூயார்க் நவீன கலை மியூசியத்தில் எட்வர்ட் ஸ்டைக்கன் 'மனிதக் குடும்பம்' என்ற கண்காட்சியில் 503 படங்களை இப்படி வழிபோட்டு அடுக்கினார். கடைசிப் படம் யூஜின் ஸ்மித் எடுத்தது. இரண்டு குழந்தைகள், முதுகைக் காட்டிக்கொண்டு வெளிச்சத்தை நோக்கி நடக்கிறார்கள். பார்க்கிறவனும் வெளிச்சத்தோடுதான் வெளியே போக வேண்டும் என்ற திட்டம்.

எங்கள் திட்டம் பலிக்கிறதா என்று எப்படித் தெரியும்? கண் போகும் வழி தெரியாது, கால் போகும் வழி தெரியும். டீ கொண்டு வந்த அண்ணனை "சும்மா பாருங்கண்ணே" என்று சொல்லிவிட்டு மூலையில் நின்றோம். வாசலில் நின்றார். பெரிய படத்தைப் பார்த்தார். நடந்தார். படகில் நின்றார். ஏலத்தில் மூன்றையும் படித்தார். எல்லாம் திட்டப்படி!

இரண்டாவது படத்தில் மட்டும் தலை சீவிக்கொண்டார்.

போய்ப் பார்த்தால், அது விடியற்காலை இருட்டுப் படம். எதிரே ட்யூப்லைட். இருட்டுப் படத்துக்கு முன்னால் கண்ணாடி இருந்தால் அது முகம் பார்க்கும் கண்ணாடிதான். அந்த ட்யூப்லைட்டை அணைத்தோம். இறக்கும் கூடைகள் தெரிந்தன.

கூட்டம் வந்தால் இதெல்லாம் பாதிதான் செல்லும். எங்கே இடம் இருக்கிறதோ அங்கே புகுவது நம் ஜனங்களின் பிறப்புரிமை. அதற்காகத்தான் ஏலப் படங்கள் மூன்றும் தனியாகவே கதை சொல்லும்படி வைத்தது. நடுவில் வந்து சேர்ந்தவருக்கும் ஒரு கதையாவது முழுசாகக் கிடைக்கும்.